குறைமாதப் பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு: நெஞ்சுச் சூடும் பாலும்

“என்ர தங்கச்சிக்கு 33 கிழமையில ஆண்பிள்ளை பிறந்தது, 1 கிலோ 620 கிராம். 19 நாள் ஆஸ்பத்திரியில வைச்சிருந்து, இப்ப 1 கிலோ 800 எண்டு வீட்ட விட்டிட்டினம். நாங்கள் விசுவமடுப் பக்கம், ஒரே மழையும் குளிரும். நெஞ்சோட வைச்சிருக்கச் சொன்னவை, ஆனா எவ்வளவு நேரம், இரவிலயும் வேணுமோ எண்டு தெரியேல்ல. பால் குடிக்கத் தொடங்கி ஐஞ்சு நிமிசத்தில நித்திரையாப் போறான். பால் காணாது, மாப்பால் குடுங்கோ எண்டு அம்மா சொல்லுறா. என்ன செய்யிறது?”

ஐந்து நிமிடத்தில் நித்திரையாகிறான் என்பதை வைத்துத் தங்கச்சிக்குப் பால் காணாது என்று முடிவு கட்ட வேண்டாம். வன்னி ஆஸ்பத்திரிகளில் குறைமாதப் பிள்ளைகளைப் பராமரித்த தாதியாகச் சொல்கிறேன்: வீட்டுக்குப் போய் ஒரு கிழமையில் நிறை ஏறாமல் திரும்பி வருகிற பிள்ளைகளில் பலருக்குத் தாயின் பால் குறைவாக இருப்பதில்லை. பிள்ளை குளிர்ந்திருப்பான், அல்லது இழுக்கிற பலம் போதாமல் களைத்திருப்பான். அநேகமாக இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

33 கிழமையோடு 19 நாளைக் கூட்டினால் அவனுக்கு இன்னும் 36 கிழமை முடியவில்லை. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறன் 34 கிழமை அளவில்தான் தொடங்கும். அது முழுதாகப் படிய இன்னும் சில கிழமை எடுக்கும். அதனால் ஆசையோடு வாயைத் திறப்பான், நாலு தரம் நன்றாக இழுப்பான், அப்புறம் களைத்துப் போவான். இதோடு குளிரும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். நிறைமாதப் பிள்ளைக்கு முதுகிலும் கழுத்திலும் சூடு உண்டாக்கவென்றே ஒரு கொழுப்பு சேர்ந்திருக்கும். அது கடைசி மாதங்களில் சேர்வது. இவனுக்கு அது மிகக் குறைவு. நடுங்கிச் சூடாகவும் இந்த வயதில் தெரியாது. குளிர்ந்தால் குடித்த பாலிலுள்ள சக்தியையெல்லாம் சூட்டுக்கே செலவழிப்பான், இரத்தத்தில் சீனி இறங்கும், சோர்வான், இன்னும் குறைவாகக் குடிப்பான். வெளியே பார்ப்பவருக்கு அவன் சமர்த்தாக நித்திரை கொள்வது போலத்தான் தெரியும். குறைமாதப் பிள்ளை அழாமல் நெடுநேரம் படுத்திருந்தால் நாங்கள் சந்தோஷப்படுவதில்லை, உடனே காலைத் தொட்டுப் பார்ப்போம்.

எனவே நெஞ்சோடு வைத்திருப்பதில் இருந்து தொடங்குவோம். இந்த முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. இன்று அது வசதியில்லாத இடத்துக்கான மாற்றுவழியாகக் கருதப்படுவதில்லை. இந்தியா, கானா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில், பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்த சிறிய பிள்ளைகளின் இறப்பு, முதலில் இன்குபேட்டர் போன்ற வழக்கமான பராமரிப்பில் இருந்த பிள்ளைகளைவிட நாலில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வைத்திருக்கச் சொல்கிறது. உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: முடிந்த அளவு முழு நாளும், இரவிலும். குறைந்தது எட்டு மணித்தியாலம் என்பதை அடித்தளமாக வையுங்கள். ஒரு தரம் வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், ஏனென்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்து வைப்பதே அவனைக் களைக்க வைக்கும்.

வைக்கிற விதம் முக்கியம். பிள்ளைக்கு ஒரு தொப்பி, கால்மேசு, பம்பர்ஸ் அல்லது நப்கின், வேறு உடுப்பு வேண்டாம். தாய் மேல்சட்டையையும் உள்ளாடையையும் கழற்றி, இரண்டு மார்புக்கும் நடுவே அவனை நிமிர்த்தி, நெஞ்சோடு நெஞ்சு படும்படி வைக்க வேண்டும். கைகள் மடங்கியபடி, கால்கள் தவளைக் காலைப் போல இரு பக்கமும் விரிந்து மடங்கி இருக்கட்டும். தலையை ஒரு பக்கம் திருப்பி, நாடி சற்று மேலே தூக்கியபடி வைக்க வேண்டும். நாடி நெஞ்சில் குத்தினால் மூச்சுக்குழாய் மடங்கும், தலை பின்னால் சரிந்தாலும் அதே பிரச்சினைதான். அப்புறம் கழுவிக் காய்ந்த பருத்திச் சேலைத் துண்டாலோ சாரத்தாலோ சுற்றிக் கட்டுங்கள். துணியின் மேல் விளிம்பு காதுக்குக் கீழே வர வேண்டும். நெஞ்சுப் பகுதியில் இறுக்கமாகவும் வயிற்றுப் பகுதியில் தளர்வாகவும் இருக்க வேண்டும், அவன் வயிற்றால்தான் மூச்சு விடுகிறான். எழுந்து நின்றால் வழுக்கி இறங்கக் கூடாது, அதுதான் கட்டைச் சோதிக்கும் வழி. அதற்கு மேலே தாயின் சட்டை, குளிரென்றால் ஒரு போர்வை. அவன் முகம் எந்நேரமும் வெளியே தெரிய வேண்டும்.

இரவில் மல்லாக்க நேராகப் படுத்தபடி வைக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி அரைவாசி சாய்ந்திருக்கட்டும். வீட்டில் பழைய சாய்மனைக் கதிரை இருந்தால் இதற்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. ஒழுங்காகக் கட்டியிருந்து, தாயும் சாய்ந்திருந்தால் அவள் கண்ணயரலாம். கட்டு இல்லாமல் கையில் மட்டும் பிடித்தபடி நித்திரையாவதுதான் ஆபத்து. அப்படிக் களைப்பு வந்தால் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பிள்ளையின் அப்பா, அம்மம்மா, நீங்கள், யாரும் வைத்திருக்கலாம். காய்ச்சல், தடிமன், இருமல், தோல் புண் இல்லாதவராக இருந்தால் போதும். பீடி, சிகரெட் பிடிப்பவர் அந்த உடுப்போடும் மணத்தோடும் தூக்கக் கூடாது. துடக்கு என்று 31 வரை அப்பா தொடாமல் இருக்கிற வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் உண்டு. துடக்கைக் காக்கிறவர்கள் கோயில் விஷயத்தில் காக்கட்டும், இந்தப் பிள்ளைக்கு இரண்டாவது நெஞ்சு தேவை. தங்கச்சி குளிக்கவும் சாப்பிடவும் இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கொள்ளவும் வேறு வழி இல்லை.

ஏணை வேண்டாம். ஏணைத் துணியில் இந்த அளவுப் பிள்ளை வளைந்து சுருண்டு, நாடி நெஞ்சில் முட்டும். அழக்கூடப் பலமில்லாமல் மூச்சுத் திணறும். நெஞ்சில் இல்லாத நேரம் தட்டையான, உறுதியான இடத்தில் முதுகு கீழே இருக்கப் படுக்க வையுங்கள், தலையணை இல்லாமல்.

சரி, சூடு போதுமா என்று எப்படித் தெரியும்? பாமசியில் ஒரு டிஜிட்டல் தெர்மோமீற்றர் வாங்குங்கள். அதன் நுனியை அக்குளின் நடுவில் வைத்து, கையை உடம்போடு மெல்ல அணைத்துப் பிடித்து, சத்தம் வரும்வரை பொறுங்கள். 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸ் வரை சரியான சூடு. முதல் கிழமை ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பாருங்கள், விடியப்புற நேரத்தை விடாதீர்கள், மார்கழியில் அந்த நேரம்தான் வீடு ஆகக் குளிர்ந்திருக்கும். இடையில் புறங்கையால் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடென்றால் நல்லது. வயிறு சூடு, கால் குளிர் என்றால் அவன் சூட்டுக்காகச் சக்தியைச் செலவழிக்கத் தொடங்கிவிட்டான். இரண்டும் குளிர் என்றால் அது அவசரம்.

36 க்கும் 36.4 க்கும் இடையில் காட்டினால் ஈரத்தை மாற்றி, தொப்பி போட்டு, உடனே நெஞ்சில் வைத்து, பாலும் கொடுத்து, ஒரு மணித்தியாலத்தில் திரும்பப் பாருங்கள். ஏறாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 36 க்குக் கீழே என்றால் காத்திருக்க வேண்டாம், நெஞ்சில் வைத்தபடியே புறப்படுங்கள். இங்கே ஒரு விஷயத்தைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். கிருமி தொற்றினால் காய்ச்சல் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். குறைமாதப் பிள்ளைக்குக் கிருமி தொற்றினால் சூடு ஏறாமல் இறங்கவும் செய்யும். நெஞ்சில் வைத்தும் குளிர்ந்துகொண்டே போகிற பிள்ளைக்குப் போர்வை கூட்டுவதில் பயனில்லை.

தகரக் கூரை வீடென்றால் வெயில் நாளில் மத்தியானம் இதற்கு நேர்மாறாக நடக்கும். 37.5 க்கு மேல் போனால் ஒரு துணியைக் குறைத்து, காற்றோட்டமான நிழலுக்கு மாற்றி, பால் கொடுத்து அரை மணித்தியாலத்தில் பாருங்கள். இறங்காவிட்டாலோ 38 ஐத் தொட்டாலோ ஆஸ்பத்திரி. ஃபேன் காற்று நேரே அவன்மீது படக் கூடாது.

குளிப்பாட்டல் இப்போது வேண்டாம். 2 கிலோ தாண்டி, சூடும் நிலையாக இருந்து, கிளினிக்கில் சொன்ன பிறகு பார்க்கலாம். அதுவரை மத்தியான நேரம், கதவைச் சாத்தி, இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒவ்வொரு பகுதியாகத் துடைத்து உடனே ஒற்றி உலர்த்துங்கள். சாம்பிராணிப் புகை பிடிப்பதையும் அறைக்குள் நெருப்புச் சட்டி வைப்பதையும் அம்மா பிள்ளையின் நன்மைக்கென்றுதான் செய்வார், ஆனால் இந்த நுரையீரலுக்குப் புகை ஆகாது. பூட்டிய அறையில் கரி நெருப்பு தாய்க்கும் சேர்த்து ஆபத்து. சுடுநீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்து மெல்லிய தோல் வெந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரின் நெஞ்சு ஒருநாளும் பிள்ளையைச் சுடாது.

இனிப் பால். அவன் நிறை 1.8 கிலோ. இந்த வயதில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 160 மில்லிலீற்றர் தேவை. 1.8 ஐ 160 ஆல் பெருக்கினால் 288. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு நாளில் 12 தரம் கொடுத்தால் ஒரு தரத்துக்கு 24 மில்லி வரும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம், எட்டு முறை என்றால் 36. இவனைப் போலக் களைக்கிற பிள்ளைக்கு 24 தான் வசதி. அது ஐந்து தேக்கரண்டி கூட இல்லை என்பதை அம்மாவுக்கு ஒரு கிண்ணத்தில் அளந்து காட்டுங்கள். பால் காணாது என்ற பேச்சு பாதி அப்போதே அடங்கும். அவன் அழுது கேட்கும் வரை பார்த்திருக்கக் கூடாது, நேரம் வந்தால் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு தரமும் முதலில் மார்பில் விடுங்கள். அதற்கு முன் தாய் கையால் சற்றுப் பீச்சி, பால் இறங்கத் தொடங்கிய பிறகு வைத்தால் அவன் வெறும் இழுவையில் பலத்தை வீணாக்க மாட்டான். இழுவை தளரும்போது தாய் மார்பை மெல்ல அழுத்திப் பிடித்தால் பால் வரத்துக் கூடி, திரும்ப விழுங்கத் தொடங்குவான். எழுப்புவதற்காக முகத்தில் ஈரத் துணி வைப்பதும் உள்ளங்காலில் சுண்டுவதும் வேண்டாம். முதுகைத் தடவி, நப்கின் மாற்றினால் போதும். நெஞ்சோடு இருக்கிற பிள்ளை பசி நேரத்தில் தானாகவே வாயைச் சப்பி, தலையைத் திருப்பித் தேடும், அந்த நேரத்தில் வைத்தால் நன்றாகக் குடிப்பான்.

எத்தனை நிமிடம் வாயில் இருந்தது என்று எண்ண வேண்டாம், விழுங்கும் சத்தத்தைக் கேளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு இது: விழுங்கி விழுங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் குடித்து, மார்பும் இளகியிருந்தால் மேலதிகமாக ஒன்றும் தேவையில்லை. ஐந்து முதல் பத்து நிமிடம் என்றால் பீச்சிய பாலில் அரைப் பங்கு, அதாவது 12 மில்லி. ஐந்து நிமிடத்துக்குள் நித்திரை என்றால் 24 மில்லியும். இப்போதைக்கு அவனுக்கு அநேகமாக எல்லாத் தரமும் கப் பால் வேண்டிவரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மார்பும் கப்பும் சேர்ந்து அரை மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் குடித்ததைவிடச் செலவழித்தது கூடிவிடும்.

கப் என்று நான் சொல்வது மருந்துப் போத்தலோடு வரும் அளவுக் கோடு போட்ட சின்னக் கப்பை. பிள்ளையை மடியில் நிமிர்த்தி இருத்தி, கப்பின் விளிம்பைக் கீழ் உதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சரியுங்கள். அவன் நாக்கால் நக்கி எடுப்பான். வாய்க்குள் ஊற்றக் கூடாது, ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். இருமினாலோ நிறம் மாறினாலோ நிறுத்தி நிமிர்த்துங்கள். சூப்பிப் போத்தல் வேண்டாம். அதன் இழுவை வேறு மாதிரி, மார்பைப் பழகிக்கொண்டிருக்கிற பிள்ளையைக் குழப்பும், சூப்பியைக் கிருமியில்லாமல் வைத்திருப்பதும் கஷ்டம். கப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிப் பத்து நிமிடம் அவித்தால் போதும்.

பால் பீச்சுவது தங்கச்சியின் முக்கிய வேலை. பிள்ளை முழுதாக இழுக்காததால் மார்பு காலியாவதில்லை, காலியாகாத மார்பு பால் உற்பத்தியைக் குறைக்கும். பால் காணாது என்ற நிலை உண்மையாகவே வருவது இந்த வழியாகத்தான். ஒரு நாளைக்கு எட்டுத் தரமாவது பீச்ச வேண்டும், அதில் ஒரு தரமாவது நடு இரவில், பால் சுரக்க வைக்கும் ஹோர்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். கை கழுவி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் முலைக்காம்பில் இருந்து மூன்று நாலு சென்ரிமீற்றர் பின்னால் வைத்து, முதலில் நெஞ்சு எலும்புப் பக்கமாக உள்ளே தள்ளி, பிறகு அழுத்தி விட வேண்டும். காம்பை இழுத்தால் நோகுமே தவிரப் பால் வராது. ஒரு பக்கம் நாலைந்து நிமிடம், அப்புறம் மறுபக்கம் என்று மாறி மாறி, விரல்களை வைக்கும் இடத்தையும் சுற்றி மாற்றி, மொத்தம் 20 நிமிடமளவு. பிள்ளையை நெஞ்சில் வைத்தெடுத்த உடனே பீச்சினால் பால் இலகுவாக இறங்கும். எங்கள் வெக்கைக்கு வெளியே வைத்த பாலை நாலு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் இருந்தால் ஒரு நாள் வைக்கலாம், கரண்ட் நெடுநேரம் போன பாலை ஊற்றிவிடுங்கள். சூடாக்க, பால் உள்ள கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வையுங்கள், அடுப்பில் நேரே வேண்டாம்.

மாப்பாலை நான் மறிப்பதற்குக் காரணம் உண்டு. குறைமாதப் பிள்ளைகளின் குடல் அழற்சியுற்று அழுகும் ஒரு கடும் நோய் உண்டு, அது தாய்ப்பால் குடிப்பவர்களைவிட மாப்பால் குடிப்பவர்களில் கூடுதலாக வரும். அதோடு மழை வெள்ளத்தில் கிணறு கலங்கியிருக்கிற காலத்தில் அந்தத் தண்ணீரில் மா கரைப்பது இன்னொரு ஆபத்து. நிறை பார்த்து வைத்தியரே மேலதிகமாக எழுதித் தந்தால் அது வேறு கதை, அவர் சொன்ன அளவில் கொடுங்கள்.

அம்மா செய்ய வேண்டியது வேறு நிறைய இருக்கிறது. சரக்கு அரைத்த கறியும் பால்சுறாவும் முருங்கை இலையும் தாராளமாகச் சமைத்துக் கொடுக்கட்டும், தாய்க்கு நல்ல சாப்பாடுதானே. ஆனால் தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் கேட்க வேண்டாம், ஒவ்வொரு தரம் பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கட்டும். கிளினிக்கில் திரிபோஷா கிடைத்தால் அது தங்கச்சிக்கு, வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு போடுவதற்கல்ல. மார்பில் ஓரிடம் சிவந்து கட்டியாகி, குளிரும் காய்ச்சலும் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். தங்கச்சி எதற்கும் அழுதுகொண்டு, பிள்ளையைப் பார்க்கவே மனமில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் அதையும் மிட்வைஃபிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள் இவை. அடுத்தடுத்து இரண்டு தரம் பால் குடிக்க மறுப்பது. அமைதியாக இருக்கும்போது முழு நிமிடம் எண்ணிப் பார்த்தால் மூச்சு 60 அல்லது அதற்கு மேல். விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது. மூச்சு 20 செக்கனுக்கு நின்றுபோவது, வாயைச் சுற்றி நீலமாவது. வலிப்பு. தட்டினால் மட்டும் அசைவது. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள். வயிறு வீங்கிப் பச்சையாக வாந்தி எடுப்பது. மூச்சு நின்றால் முதுகைத் தேய்த்துத் தூண்டிக்கொண்டே ஒருவர் 1990க்கு அழைக்கட்டும். இரணைமடு வான்கதவு திறக்கிற நாட்களில் எந்தப் பாதை மறிபடும் என்பதை முதலே விசாரித்து வையுங்கள், அந்த நாட்களில் சந்தேகம் வந்தால் இரவாகும் வரை பொறுக்காமல் பகலிலேயே போய்விடுங்கள். எந்த வாகனமென்றாலும் பிள்ளை தாயின் சட்டைக்குள் நெஞ்சோடு கட்டியபடி போக வேண்டும். மழையில் மோட்டார் சைக்கிளில் துவாயில் சுற்றிக் கொண்டுவந்த பிள்ளைகள் வந்து சேரும்போது நோயைவிடக் குளிரால்தான் கூடுதலாகச் சோர்ந்திருப்பார்கள்.

இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்பதை நிறைதான் சொல்லும். ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு நப்கின் நனைகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். நிறையை மிட்வைஃபிடம் கிழமைக்கு ஒரு தரமாவது, அதே தராசில், உடுப்பில்லாமல், அறையைச் சூடாக வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 கிராம் ஏற வேண்டும். இவனுக்கு அது 27 கிராம், ஒரு கிழமைக்குச் சுமார் 190. அடுத்த கிழமை 1 கிலோ 990 அளவில் நின்றால் பீச்சிய பாலின் அளவைப் புது நிறைக்கு மாற்றிக் கணக்குப் போடுங்கள். 100 கிராம் கூட ஏறவில்லையென்றால் நெஞ்சில் வைத்த மணித்தியாலங்களையும் கொடுத்த மில்லிகளையும் ஒரு கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள். டயக்னோசிஸ் காட்டில் எழுதிய விற்றமின், இரும்புச் சத்துத் துளிகளையும் கண், காது பார்க்கும் திகதிகளையும் தவற விட வேண்டாம். 2.5 கிலோ அளவில், பிறக்க வேண்டியிருந்த திகதி நெருங்கும்போது, அவனே கட்டுக்குள் இருக்க மறுத்து உதைத்து வெளியே வரப் பார்ப்பான். அதுவரை கட்டை அவிழ்க்க அவசரப்பட வேண்டாம்.